கணக்குக் காட்டாத எக்ஸிகியூட்டரை நீதிமன்றம் வழியாக மாற்றுவது எப்படி?

கேள்வி: அப்பா 2022-ல் காலமானார். உயிலில் சித்தப்பாவை அதை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தார். அவர் சென்னை ஹைகோர்ட்டில் உயிலை உறுதிசெய்யும் புரொபேட் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மயிலாப்பூர் வீடு, அதன் கீழே இருக்கும் கடை, பேங்க் டெபாசிட் எல்லாமே எனக்கும் தம்பி தங்கைக்கும் சமமாக என்று உயிலில் இருக்கிறது. இதுவரை ஒன்றும் பிரித்துத் தரவில்லை, கணக்கும் காட்டவில்லை. கடையைத் தன் மகனுக்கே மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார். பக்கத்துக் கடை 35,000 போகிறது. அந்த வாடகையும் அவருடைய சொந்த அக்கவுண்டில் விழுகிறது. கேட்டால் "நேரம் வரும்போது தருவேன்" என்கிறார். அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லி கோர்ட்டில் கேட்க முடியுமா?

முடியும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 301-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. எக்ஸிகியூட்டரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும், நீக்கவும், பொறுப்பிலிருந்து விடுவிக்கவும், அவருக்குப் பின் வேறொருவரை அமர்த்திச் சொத்தை அந்தப் புதியவர் வசம் சேர்க்கவும் அந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த ஒரே வாக்கியத்தை நம்பி மனுப் போட்டுவிட்டு, "சொந்தச் சித்தப்பாதானே, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலோடு திரும்பியவர்களை உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்குகளை விசாரிக்கும் ஒரிஜினல் சைடில் உயில் வழக்குகள் நடத்திய ஆண்டுகளில் நிறையவே பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் எக்ஸிகியூட்டரின் குணத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள்; சொத்துக்கு என்ன நேர்ந்தது, இனி என்ன நேரும் என்பதைக் காகிதத்தில் காட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே பிரிவைச் சொல்வதோடு நிற்காமல், அந்தக் காகிதம் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சித்தப்பாவின் சட்ட நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். உயிலில் உங்கள் பெயர் இருந்தாலும், நிர்வாகம் முடியும் வரை அந்தச் சொத்து சட்டப்படி எக்ஸிகியூட்டர் வசம்தான் இருக்கிறது. 211-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் சம்மதம் தெரிவித்தால்தான் உங்கள் பங்கின் மீதான உரிமை முழுமையடையும் என்பது 332-ஆம் பிரிவு. அந்தச் சம்மதம் வாய்மொழியாகவோ நடத்தை மூலமாகவோகூட இருக்கலாம் என்றாலும், பத்திரப் பதிவிலும் பட்டா மாற்றத்திலும் எழுத்தில் இல்லாத சம்மதத்துக்கு மதிப்புக் கிடைப்பது அரிது. சொத்தை விற்கும் அதிகாரமும், உயில் தடுக்காத வரை, 307-ஆம் பிரிவின் கீழ் அவருக்கு உண்டு. "எங்கள் வீட்டை அவர் எப்படி வைத்துக்கொள்ளலாம்" என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான். அவர் வைத்துக்கொண்டிருப்பது தவறில்லை. எதற்காக, எவ்வளவு காலம், என்ன கணக்கோடு வைத்திருக்கிறார் என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை உயிலில் கண்ட எந்தக் கொடையையும் ஒப்படைக்க எக்ஸிகியூட்டர் கட்டுப்பட்டவர் அல்ல என்பது 337-ஆம் பிரிவு. கடன், வரி ஆகியவற்றைத் தீர்க்க அவருக்குத் தரப்படும் அவகாசம் அது. உங்கள் விஷயத்தில் அந்த ஓராண்டு எப்போதோ கடந்துவிட்டது. இரண்டாவது கடிகாரம் புரொபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. 317-ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துகள், வரவேண்டியவை, கடன்கள் அனைத்தும் அடங்கிய முழுப் பட்டியலையும், ஓராண்டுக்குள் எது கைக்கு வந்தது, எப்படிச் செலவானது என்ற கணக்கையும் நீதிமன்றத்தில் அவர் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் கூடுதல் அவகாசம் தந்திருந்தால் மட்டுமே இந்தக் கெடு தள்ளிப்போகும். புரொபேட் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் பட்டியலும் ஓராண்டில் கணக்கும் தருவதாக அவர் உறுதி கொடுத்திருப்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அவரிடம் நீங்கள் கேட்கப்போவது புதிதாக எதுவும் அல்ல, அவரே நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கைத்தான்.

எனவே வக்கீல் நோட்டீஸுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புரொபேட் மனுவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, உயர் நீதிமன்றப் பதிவகத்தில் அந்தக் கோப்பைப் பார்வையிட உங்கள் வழக்கறிஞர் மூலம் விண்ணப்பியுங்கள். பட்டியலோ கணக்கோ தாக்கலாகியிருந்தால் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இல்லையென்றால் இல்லை என்பதே உங்களுக்கு முதல் ஆதாரம். தாக்கலாகியிருந்தால் அது இன்னும் சுவையானது. கடை வாடகையை அதில் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார், வைப்புத் தொகை முதிர்ந்த பிறகு எங்கே போனதாகச் சொல்கிறார் என்பதைப் பார்க்கலாம். பொய்யான பட்டியல் தாக்கல் செய்வது பொய்ச் சாட்சியத்துக்கு ஒப்பான குற்றமாகும் என்றும், நீதிமன்றம் கேட்டும் வேண்டுமென்றே தராமல் இருப்பதும் தனிக் குற்றம் என்றும் அதே 317-ஆம் பிரிவு சொல்கிறது. தொடக்கத்திலேயே அந்தக் குற்றப் பகுதியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. குடும்ப வழக்கில் அது நீதிபதியின் முகத்தைச் சுளிக்க வைக்கும், எதிராளியையும் இறுக்கிவிடும்.

அடுத்து நோட்டீஸ். மூன்று விஷயங்களைத் தேதியோடு கேட்டால் போதும்: பட்டியலும் கணக்கும், கடை வாடகை ஒப்பந்தத்தின் நகல், உங்கள் மூவரின் பங்குக்கும் எழுத்துப்பூர்வமான சம்மதம். 30 நாள் அவகாசம் கொடுங்கள். வசைச் சொற்கள் வேண்டாம். இந்த நோட்டீஸைப் பின்னால் நீதிபதி படிப்பார் என்ற நினைப்போடு அது எழுதப்பட வேண்டும். பதில் வராமல் இருப்பதும் உங்களுக்குப் பயன், வருகிற பதில் முரணாக இருப்பதும் பயன். "அண்ணன் என்னிடம் வாங்கிய கடனுக்கு வாடகையைக் கழித்துக்கொள்கிறேன்" என்பது போன்ற வரி ஒன்று பதிலில் வந்துவிட்டால் வழக்கின் பாதி முடிந்தது. தன் சொந்தக் கடன் கோரிக்கையைத் தானே தீர்மானித்துத் தானே வசூலித்துக்கொள்ளும் எக்ஸிகியூட்டர், சொத்தோடு நலன் மோதும் இடத்தில் நிற்கிறார்.

இப்போது எந்தப் பிரிவின் கீழ் போவது என்ற கேள்வி. இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. 263-ஆம் பிரிவின் கீழ் புரொபேட்டையே ரத்துச் செய்யக் கோரலாம். நியாயமான காரணமின்றி வேண்டுமென்றே பட்டியலோ கணக்கோ தாக்கல் செய்யாதது, அல்லது முக்கிய அம்சத்தில் பொய்யான ஒன்றைத் தாக்கல் செய்தது, ரத்துக்கான காரணங்களில் ஒன்றாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பார்வைக்கு உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஆனால் புரொபேட் ரத்தானால் உயில் செத்துப்போவதில்லை. அதை நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் யாரிடமும் இல்லாமல் போகும். பிறகு நீங்கள், எக்ஸிகியூட்டர் இல்லாத உயிலை நிறைவேற்ற வேறொருவருக்கு அதிகாரம் தரும் உயில் இணைத்த நிர்வாகப் பத்திரத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, மறுபடியும் எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பி, காத்திருக்க வேண்டும். அதோடு "வேண்டுமென்றே" என்ற சொல்லை நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேல் விழும். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியதும் அவர் அவசரமாக ஒரு கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால், அதை ஏற்றுக்கொண்டு ரத்துக் கோரிக்கையை ஒதுக்கிவிடும் போக்கும் உண்டு. உயிலை ஏற்றுக்கொண்டு ஆளை மட்டும் மாற்ற விரும்புகிற உங்களைப் போன்றவருக்கு 301 தான் சரியான வழி. அதில் புரொபேட் நிற்கும், பொறுப்பு மட்டும் கை மாறும். 263 பிரதானமாக உயிலின் மீதோ, புரொபேட் வாங்கிய விதத்தின் மீதோ குறை சொல்பவர்களுக்கு உரியது.

நடுவில் 302-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புரொபேட் வழங்கப்பட்ட பின் சொத்து நிர்வாகம் பற்றி எக்ஸிகியூட்டருக்குப் பொதுவாகவோ குறிப்பாகவோ உத்தரவுகள் இடும் அதிகாரத்தை அது உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது. "நான்கு வாரத்தில் கணக்குத் தாக்கல் செய், வாடகையை எஸ்டேட் பெயரில் தனி வங்கிக் கணக்கில் போடு" என்ற உத்தரவு இதன் கீழ் கிடைக்கும்; எஸ்டேட் என்பது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து. நான் இதை 301-க்கு முன்னால் வைக்கும் படியாகவே பார்க்கிறேன். நீதிபதிகளுக்கு உடனே ஒருவரை நீக்கத் தயக்கம் இருக்கும், ஏனெனில் அவர் இறந்தவரே நம்பித் தேர்ந்தெடுத்த ஆள். ஆனால் கணக்குக் கேட்கத் தயக்கம் இருக்காது. அந்த உத்தரவை அவர் மீறினால் அடுத்த தேதியில் நீக்கம் பற்றிப் பேசும்போது அறையின் காற்றே வேறாக இருக்கும். எனவே ஒரே மனுவில் இரண்டு பிரிவுகளையும் சேர்த்து, முதன்மைக் கோரிக்கையாக நீக்கத்தையும், அதுவரைக்குமான ஏற்பாடாகக் கணக்கு உத்தரவையும் கேட்பது நல்லது.

எது நீக்கத்துக்குப் போதுமான காரணம்? சட்டம் பட்டியல் தரவில்லை. நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது. வழிகாட்டியாக இன்றும் எடுத்துக் காட்டப்படுவது பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1884-இல் தீர்ப்பளித்த லெட்டர்ஸ்டெட் எதிர் புரோயர்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வழக்கு. பயனாளிகளின் நலனே முதன்மை அளவுகோல், ஒவ்வொரு தவறுக்கும் நீக்க வேண்டியதில்லை, இரு தரப்புக்கும் இடையிலான பகை மட்டும் போதாது, ஆனால் அந்தப் பகை நிர்வாகத்தையே முடக்குமானால் கணக்கில் எடுக்கலாம் என்பது அதன் சாரம். நடைமுறையில் எஸ்டேட் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலப்பது, தனக்கோ தன் நெருங்கிய உறவுக்கோ மலிவாகக் கொடுப்பது, சொத்து தனக்கே உரியது என்று உரிமை கொண்டாடுவது, கணக்குக் கேட்ட நீதிமன்ற உத்தரவை மீறுவது ஆகியவை கனமானவை. போன் எடுக்காதது, கடுமையாகப் பேசியது, ஒரு பயனாளியிடம் மட்டும் நன்றாக நடந்துகொண்டது ஆகியவை தனித்து நின்றால் எடை இல்லாதவை. தாமதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாடகைதாரரைக் காலி செய்யும் வழக்கோ வருமான வரிப் பிரச்சினையோ நிலுவையில் இருந்தால் இரண்டாண்டுத் தாமதம் மன்னிக்கப்படும். காரணமே சொல்லாத தாமதம், அதுவும் தனக்கு ஆதாயம் தரும் தாமதம், மன்னிக்கப்படாது.

உங்கள் வழக்கின் வலிமை அந்தக் கடையில்தான் இருக்கிறது, எனவே அதை எண்ணாக மாற்றுங்கள். பக்கத்துக் கடை வாடகை 35,000, மகன் தருவது 12,000. மாதத்துக்கு 23,000 ரூபாய் எஸ்டேட்டுக்கு நட்டம். புரொபேட் வாங்கியதிலிருந்து 24 மாதம் இந்த ஏற்பாடு நடந்திருந்தால் 5,52,000 ரூபாய். எக்ஸிகியூட்டர் சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ நட்டப்படுத்தினாலோ அதை ஈடுசெய்ய வேண்டும் என்று 368-ஆம் பிரிவு சொல்வதால், இந்தத் தொகைக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகிறார். ஆனால் "பக்கத்துக் கடை 35,000 போகிறது" என்பது வாய்ச்சொல்லாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நிமிடத்தில் அதைக் கரைத்துவிடுவார். அந்தக் கடை மூலைக்கடையா, பரப்பு எவ்வளவு, மாடியில் கிடங்கு உண்டா, முன்பணம் எவ்வளவு என்று கேட்பார். அதே தெருவில் ஒத்த பரப்புள்ள இரண்டு மூன்று கடைகளின் வாடகை ஒப்பந்த நகல்கள், முடிந்தால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை, உங்கள் அப்பா காலத்தில் அந்தக் கடைக்கு வந்த வாடகையைக் காட்டும் பாஸ்புக் பக்கங்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் என் அனுபவத்தில் மிகப் பலமானது. அப்பா 30,000-க்கு விட்டிருந்த கடையைச் சித்தப்பா 12,000-க்கு விட்டிருந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வாடகை யார் கணக்கில் விழுகிறது என்பதற்கு உங்களிடம் நேரடி ஆவணம் இருக்காது. நீதிமன்றம் வழியாக வங்கி விவரத்தை வரவழைக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்கு அவர் தரும் பதிலிலேயே அது வெளிப்பட்டுவிடுவதும் உண்டு.

மனுவோடு புரொபேட், உயில் நகல், இறப்புச் சான்று, நோட்டீஸும் அதன் அஞ்சல் ஒப்புகையும், அண்மைத் தேதியிட்ட வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது அல்லது நிலுவை விவரம், கடை பற்றிய ஆவணங்கள் ஆகியவை இணைய வேண்டும். வில்லங்கச் சான்று சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அவர் ஏற்கெனவே ஏதேனும் அடமானமோ கிரயமோ செய்திருக்கிறாரா என்பது அதில்தான் தெரியும். எக்ஸிகியூட்டரே நேராகவோ பினாமியாகவோ சொத்தை வாங்கியிருந்தால், சொத்தில் உரிமையுள்ளவர் கோரினால் அந்தக் கிரயத்தை நீக்கிவிடலாம் என்று 310-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தம்பியும் தங்கையும் உடன்மனுதாரர்களாக வருவது நல்லது. வர மறுப்பவர் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட வேண்டும். பயனாளிகளில் ஒருவரை விட்டுவிட்டுத் தாக்கல் செய்த மனு தொழில்நுட்பக் காரணத்தாலேயே தள்ளாடும். ஏற்கெனவே புரொபேட் வழங்கிய எண்ணில் விண்ணப்பமாகப் போடுவதா, தனி ஒரிஜினல் பெட்டிஷனாகப் போடுவதா என்பதைப் பதிவக நடைமுறையைப் பார்த்து உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்வார்.

மாற்று நபரின் பெயர் இல்லாமல் நீக்கம் மட்டும் கேட்காதீர்கள். சொத்தைப் பொறுப்பற்று விட எந்த நீதிபதியும் விரும்ப மாட்டார். உயிலில் மாற்று எக்ஸிகியூட்டர் பெயர் இருந்தால் அவரே முதல் தேர்வு. இல்லையென்றால் உங்கள் மூவருக்கும் ஒப்புதலான ஒருவர், எழுத்துமூலமான சம்மதப் பிரமாணப் பத்திரத்தோடு. உங்களில் ஒருவரையே முன்மொழியலாம். மற்ற இருவரும் எதிர்க்காத வரை அது எளிமையானதும் செலவில்லாததும் ஆகும். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாத குடும்பத்தில் வெளியாள் ஒருவரை, உதாரணமாக வழக்கறிஞர் ஒருவரையோ, ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரி ஒருவரையோ நீதிமன்றம் அமர்த்தும். அப்போது அவருக்கான கட்டணம் எஸ்டேட்டிலிருந்து போகும் என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். மூன்று பங்கு சொத்துக்கு வெளியாளை வைத்து நான்கு ஆண்டு ஓட்டுவதைவிட உங்களில் ஒருவர் பொறுப்பேற்று ஆறு மாதத்தில் முடிப்பது மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மனுவை விட அவசரமானது இடைக்கால உத்தரவு. மனு முடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் அவர் வீட்டை விற்றுவிட்டால், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். புரொபேட் கையில் இருக்கும் வரை விற்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது என்பதே வாங்கியவரின் கேடயம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடந்த விற்பனை தீர்ப்புக்குக் கட்டுப்படும் என்ற சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நம்பி இருந்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த விதி சொத்தின் மீதான உரிமை நேரடியாகக் கேள்விக்குள்ளாகும் வழக்குகளுக்கானது. எக்ஸிகியூட்டரை மாற்றக் கோரும் மனு அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை நம்பி வீட்டைப் பணயம் வைக்காதீர்கள். மனுவோடேயே, எந்தச் சொத்தையும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, வைப்புத் தொகையை எடுக்கக் கூடாது, வாடகை தனிக் கணக்கிலோ நீதிமன்றத்திலோ செலுத்தப்பட வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ளும் வழக்குச் செலவை எஸ்டேட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்ற இடைக்காலக் கோரிக்கைகளை வையுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். உங்கள் பணத்தைக் கொண்டே உங்களை எதிர்த்து வழக்காடும் வினோதம் இத்தகைய வழக்குகளில் சர்வ சாதாரணம். தடையாணை கிடைத்ததும் அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வங்கிக் கிளைக்கும் ஒப்புகையோடு கொடுத்துவிடுங்கள்.

அவர் தரப்பில் என்ன வரும் என்பதையும் சொல்கிறேன். "கடன்கள் இருக்கின்றன, தீர்த்த பிறகுதான் பிரிக்க முடியும்" என்பது வழக்கமான பதில். அது சட்டப்படி சரியான பதில்தான், கடன் உண்மையாக இருந்தால். எனவே கடன் கொடுத்தவர் யார், எவ்வளவு, எந்த ஆவணம் என்று கேளுங்கள். பட்டியலில் அந்தக் கடன் இடம்பெறவில்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். "மகனுக்கு விட்டது கடை பூட்டிக் கிடக்காமல் இருக்கத்தான்" என்பது இரண்டாவது. வேறு வாடகைதாரரைத் தேடியதற்கு என்ன ஆதாரம் என்பதே அதற்கு எதிர்க்கேள்வி. மூன்றாவது, முதல் விசாரணைக்கு முன் அவசரமாக வந்து விழும் ஒரு கணக்கு. அதைப் பார்த்ததும் சோர்ந்துவிட வேண்டாம். வவுச்சர் இல்லாத பராமரிப்புச் செலவுகள், முழு எண்களில் முடியும் தொகைகள், ஒரே மையில் ஒரே நாளில் எழுதிய இரண்டாண்டு ரசீதுகள் ஆகியவற்றை வரி வரியாகக் குறித்து ஆட்சேபணை தாக்கல் செய்யுங்கள். ஆனால் கணக்கின் ஒவ்வொரு ரூபாயையும் 301 மனுவிலேயே தீர்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நீதிமன்றம் அதில் பார்ப்பது, இவர் கையில் சொத்து தொடர்ந்து இருக்கலாமா என்பதை மட்டுமே. பெரிய தொகை சர்ச்சையில் இருந்தால் கணக்குக் கேட்டு, நிர்வாகம் கேட்டுத் தனி உரிமையியல் வழக்குத் தேவைப்படும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 20-ஆம் ஆணை, 13-ஆம் விதி அத்தகைய வழக்கில் கணக்கெடுக்க முதற்கட்டத் தீர்ப்பாணைக்கு வழி செய்கிறது.

நீக்கம் கிடைத்துவிட்டால் உத்தரவின் வாசகத்தைக் கவனியுங்கள். "நீக்கப்படுகிறார், இன்னார் நியமிக்கப்படுகிறார்" என்று மட்டும் இருந்தால் அடுத்த சண்டை ஆரம்பமாகும். மூலப் பத்திரங்கள், சாவிகள், பாஸ்புக், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், சொத்து புதியவர் வசம் சேர்கிறது, வாடகைதாரர் இனி இவருக்கே வாடகை செலுத்த வேண்டும் என்ற வரிகள் அதில் இருக்க வேண்டும். பொறுப்பிலிருந்து போனதால் பழைய நட்டத்துக்கான அவருடைய பொறுப்புப் போய்விடாது. அந்த 5,52,000 ரூபாயைப் புதிய நிர்வாகி எஸ்டேட்டுக்காக வசூலிக்க வழக்குத் தொடரலாம். தனி நீதிபதியின் உத்தரவை எதிர்த்து இரு நீதிபதிகள் அமர்வுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை உண்டு என்பதால், ஒப்படைப்பைத் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

நான் இதுவரை சொன்னது, உயிலில் பெயர் உள்ள பயனாளிக்கும், புரொபேட் வழங்கப்பட்டுவிட்ட நிலைக்கும் பொருந்தும். உயிலில் எதுவும் பெறாத வாரிசு 301-ஐப் பயன்படுத்துவது கடினம். அவருக்குச் சொத்தில் நலன் வர வேண்டுமென்றால் முதலில் உயிலையே வீழ்த்த வேண்டும், அதற்கு வழி 263. அந்த ரத்து மனுவுக்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் தீர்மானித்திருக்கிறது. நீக்க மனுவைப் பொறுத்தவரை, கணக்குத் தராதது நாள்தோறும் தொடரும் தவறு என்று வாதிட இடமிருந்தாலும், மூன்றாண்டைத் தாண்டவிடாமல் இருப்பதே பாதுகாப்பு. சென்னைக்கு வெளியே மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது, ரத்து மனுவை அந்த மாவட்ட நீதிபதியிடமே போடலாம், ஆனால் 301, 302 இரண்டிலும் சட்டம் உயர் நீதிமன்றம் என்றே சொல்கிறது.

சந்தேகத்துக்குரிய இடம் ஒன்று உங்கள் உயிலிலும் ஒளிந்திருக்கலாம். "கடைசி மகனுக்கு 25 வயது ஆகும் வரை சொத்தை வைத்திருந்து வருமானத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்" என்பது போன்ற வாசகம் இருந்தால், கடன்களைத் தீர்த்து முடித்த பிறகு உங்கள் சித்தப்பா எக்ஸிகியூட்டராக அல்லாமல் டிரஸ்டியாக வைத்திருக்கிறார் என்று வாதிட முடியும். அப்போது 301 பொருந்தாது என்று எதிர்ப்பு வரும். இந்திய அறக்கட்டளைச் சட்டம், 1882-இன் 73, 74 பிரிவுகளின் கீழ் டிரஸ்டியை மாற்றக் கோர வேண்டியிருக்கும். எந்தக் கட்டத்தில் ஒரு பாத்திரம் முடிந்து மற்றொன்று தொடங்கியது என்பது ஒவ்வொரு உயிலின் சொற்களையும் நடந்தவற்றையும் பொறுத்தது; உயிலை நேரில் படிக்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெறுமனே "மூவருக்கும் சமமாக" என்று இருந்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கு அநேகமாக இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. 301-இல் "நீக்குதல்" என்பதோடு "விடுவித்தல்" என்ற சொல்லும் இருக்கிறது. புரொபேட் வாங்கிய எக்ஸிகியூட்டர் தானாக விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போய்விட முடியாது; நீதிமன்றம்தான் விடுவிக்க வேண்டும். மனு தாக்கலாகி, கணக்கு உத்தரவும் வந்தபின், தன் மகனுக்கும் கடைக்கும் ஒரு கௌரவமான வழி கிடைத்தால் விலகச் சம்மதிக்கும் சித்தப்பாக்கள் குறைவல்ல. அந்தக் கட்டத்தில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரச மையத்துக்கு வழக்கை அனுப்பக் கேளுங்கள். மகன் சந்தை வாடகைக்கு மாறுவது அல்லது குறிப்பிட்ட தேதியில் காலி செய்வது, பழைய வித்தியாசத்தில் இவ்வளவு திருப்பிச் செலுத்துவது, சித்தப்பா பழி இன்றி விடுவிக்கப்படுவது என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதை நீதிமன்ற உத்தரவாகவே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மனுவோ இடைக்காலத் தடையோ இல்லாமல் வீட்டுக் கூடத்தில் நடக்கும் சமரசத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே கிடைப்பது மறுபடியும் "நேரம் வரும்போது" என்ற பதிலாகவே இருக்கும், மூன்றாண்டுக் கெடுவோ உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கும்.